‘மேட்ச் ரிப்போர்ட்’டை நம்பி ஆட்டோமேஷன் ஆள் எடுக்காதீங்க: நாகர்கோவில் அனுபவம்

நாகர்கோவில்ல சின்னதா கன்ட்ரோல் பேனல் கம்பெனி நடத்துறோம். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பால் ஆலையில கழிவுநீர் சுத்திகரிப்பு வேலை கிடைச்சது. பிஎல்சி, ஸ்காடா, சைட் கமிஷனிங் மூணும் தெரிஞ்ச ஆள் வேணும்னு உள்ளூர் கன்சல்டன்சி ஒண்ணுகிட்ட சொன்னோம். டெக்னிக்கல் இன்டர்வியூவும் நாங்களே முடிச்சுத் தருவோம்னு அதுக்குத் தனியா காசு வாங்கினாங்க. ரெஸ்யூமோட ஒரு ‘மேட்ச் ரிப்போர்ட்’ வந்தது. நம்ம விளம்பரத்துல இருந்த ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரா ஒரு டிக்.

பையன் நல்ல பையன்தான். சைட்ல 5 மீட்டர் டேங்க். லெவல் டிரான்ஸ்மிட்டர் 4–20 மில்லி ஆம்பியர். அவர் பிஎல்சி சேனலை 0–20ன்னு செட் பண்ணிட்டார். பாதி டேங்குக்கு 12 மில்லி ஆம்பியர் வரும், ஸ்காடா 2.5க்குப் பதிலா 3 மீட்டர் காட்டிச்சு. டேங்க் காலியா இருந்தாலும் 4 மில்லி ஆம்பியர் வருமே, அதை 1 மீட்டர்னு படிக்கும். முழுசா நிறைஞ்சா மட்டும் சரியா காட்டும். கீழ போகப் போக தப்பு கூடுதுன்னா ரேஞ்சைத்தான் பார்க்கணும். இவர் ஸ்காடா ஸ்கிரீன்ல அரை மீட்டரைக் கழிச்சு விட்டுட்டார். பாதியில கணக்கு சரியா வந்துது, சந்தோஷம்.

ஆனா பம்பை நிறுத்துறது ஸ்கிரீன் இல்ல, பிஎல்சி. அரை மீட்டருக்குக் கீழ போனா பம்பு நிக்கணும். பிஎல்சிக்கு 1 மீட்டருக்குக் கீழ லெவலே கிடையாதே! பம்பு தண்ணி இல்லாம ஓடி மெக்கானிக்கல் சீல் கருகிப் போச்சு.

கேட்டா, “அண்ணே, எனக்க ரெஸ்யூம்ல கமிஷனிங் இருந்ததே இல்ல. நான் பேனல் வயரிங்தான் பாத்தேன். அவங்கதான் சேர்த்தாங்க”ன்னார். கன்சல்டன்சிக்கு போன் போட்டா, “கீவேர்டு எல்லாம் மேட்ச் ஆகுதே சார்”ங்கிறாங்க. இன்டர்வியூ யார் எடுத்தா, என்ன கேட்டாங்கன்னு கேட்டா பதில் இல்ல.

இப்ப அந்த ரெஸ்யூமை நிதானமா படிச்சா எல்லாம் அதுலயே இருக்கு. இரண்டு வருஷ அனுபவத்துல ஐந்து பிராண்டு பிஎல்சி. புராஜெக்ட்னு டிராஃபிக் லைட், லிஃப்ட், பாட்டில் ஃபில்லிங். இதெல்லாம் பயிற்சி சென்டர்ல எல்லாருக்கும் கொடுக்கிற பாடம். ஸ்காடாவுக்கு “ஸ்கிரீன் டிசைன்”னு மட்டும். எத்தனை டேக், அலாரம் யார் வச்சது, பிஎல்சியோட எந்த புரோட்டோகால்ல பேசிச்சு, ஒண்ணும் இல்ல. கமிஷனிங்குக்கு ஒரே வரி. ஆலை எது, எத்தனை ஐஓ, லூப் செக் யார் பண்ணினா, கஸ்டமர்கிட்ட கையெழுத்து வாங்கி ஒப்படைச்சது யாருன்னு எதுவும் கிடையாது. நிஜமா சைட்ல நின்னவன்கிட்ட “கடைசியா எந்த சிக்னல் தப்பா வந்தது, எப்படிக் கண்டுபிடிச்சே?”ன்னு கேட்டா அரை மணி நேரம் நிறுத்தாம சொல்லுவான்.

இந்த மாதிரி ரிப்போர்ட் உங்களுக்கும் வந்தா, இன்டர்வியூல கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் எழுத்துல வாங்கிட்டு அப்புறம் பணம் கொடுங்க. நாங்க அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கோம். அவங்க இப்ப மீதிப் பணத்துக்கு பில் அனுப்பியிருக்காங்க.