சப்டைட்டிலைப் படத்தோடு பதிப்பதா, தனிக் கோப்பாகத் தருவதா: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கைத்தறி நெசவாளர்களுடன் எடுக்கும் நேர்காணல்களுக்குச் சில ஆண்டுகளாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சப்டைட்டில் தயாரித்து வருகிறேன். ஒரே நேர்காணல் யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என நான்கு இடங்களுக்குப் போகிறது. எங்கே எழுத்தைப் படத்திலேயே பதிக்க வேண்டும், எங்கே .srt கோப்பைத் தனியாக ஏற்ற வேண்டும் என்பதைத் தளம்தோறும் வேறுவேறாகவே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

யூடியூபில் நான் எழுத்தைப் பதிப்பதே இல்லை. ஏற்றிய காணொளியை அதே முகவரியில் வைத்துக்கொண்டு வேறொன்றாக மாற்ற அங்கே வழியில்லை. ஆனால் சப்டைட்டில் கோப்பை எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றலாம். ஒரு நேர்காணல் வெளியான பின், பேசிய அம்மா தம் ஊர்ப் பெயரை உள்ளூரில் எழுதும்படியே எழுதச் சொன்னார். .srt கோப்பில் அந்தச் சொல்லை மாற்றி மறுபடி ஏற்றியதோடு யூடியூப் வேலை முடிந்தது. பதித்து அனுப்பிய வாட்ஸ்அப் பிரதிகளோ இன்றும் பழைய எழுத்தோடுதான் சுற்றுகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. பதித்த எழுத்தின் மேலேயே பார்வையாளரின் தானியங்கி சப்டைட்டிலும் வந்து விழுந்தால் இரண்டுமே படிக்க முடியாமல் போகும். தனிக் கோப்பென்றால் மொழியையும் எழுத்தின் அளவையும் பார்ப்பவரே தேர்ந்துகொள்வார். ஒரே ஒரு குறை, பலர் சப்டைட்டில் பொத்தானை அழுத்துவதே இல்லை என்பதுதான்.

ஃபேஸ்புக்கும் .srt கோப்பை ஏற்கிறது, ஆனால் பெயரில் மொழிக் குறியீட்டை எதிர்பார்க்கிறது. தமிழுக்கு `nesavu.ta_IN.srt`, ஆங்கிலத்துக்கு `nesavu.en_US.srt` என்று வைத்தால் ஏற்றுக்கொள்ளும். எங்கே ஏற்றினாலும் கோப்பு யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய நோட்பேடில் ஆன்சி முறையில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படிச் சேமித்த கோப்பிலிருந்து அவற்றை மீட்கவும் இயலாது.

வாட்ஸ்அப்பில் நிலைமை நேர் எதிர். அங்கே சப்டைட்டில் கோப்பை இணைத்துக் காட்டும் வசதி இல்லாததால் பதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்கும் நான் பதித்தே அனுப்புகிறேன், ஏனென்றால் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் அங்கே அதிகம்.

பதிப்பதில்தான் தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் வர வேண்டும். எழுத்துருவைச் சரியாகக் கோக்கத் தெரியாத செயலியில் அது பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியே தொங்கும். அதனால் புதிய செயலி எதுவானாலும் ‘கொடுத்தேன், தேவை, மௌனம்’ என்ற மூன்று சொற்களை முதலில் பதித்துப் பார்த்துவிட்டுத்தான் முழுக் கோப்பையும் கொடுப்பேன். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் `subtitles` வடிகட்டி லிப்ஆஸ் நூலகத்தைப் பயன்படுத்துவதால், தமிழ் எழுத்துரு கணினியில் நிறுவியிருந்தால் எழுத்துகளைச் சரியாகவே கோக்கிறது. செங்குத்துப் படத்துக்கு நான் கொடுக்கும் கட்டளை இது:

```
ffmpeg -i nesavu.mp4 -vf "subtitles=nesavu.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=10,MarginV=60'" -c:a copy nesavu_wa.mp4
```

இதிலுள்ள 10 என்ற அளவு பிக்சல் கணக்கு அன்று. .srt கோப்பைப் பதிக்கும்போது படத்தின் உயரம் 288 அலகு என்று வைத்துக்கொண்டே அளவு கணக்கிடப்படுகிறது. 1080 பிக்சல் உயரமுள்ள கிடைமட்டப் படத்தில் 18 என்று கொடுத்தால் எழுத்து ஏறத்தாழ 67 பிக்சலில் வரும். அதே 18-ஐ 1920 உயரமுள்ள செங்குத்துப் படத்துக்குக் கொடுத்தால் 120 பிக்சலாகிவிடும். அகலமோ 1080தான் என்பதால் ‘சொல்லிக்கொடுத்தார்கள்’ போன்ற ஒரே சொல் வரி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அங்கே 10 என்றால்தான் மறுபடியும் 67 அளவுக்கு வரும். `MarginV=60` என்பது கீழிருந்து சுமார் 400 பிக்சல் இடம் விடுகிறது; ரீல்ஸில் கணக்கின் பெயரும் விவரக்குறிப்பும் படத்தின் அடிப்பகுதியை மறைப்பதால் அவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது.

வாட்ஸ்அப் படத்தை மறுபடி சுருக்கி அனுப்புவதால் மெல்லிய எழுத்தின் விளிம்புகள் கலங்கிப்போகும். கணினியில் துல்லியமாகத் தெரிந்த எழுத்து அங்கே எப்படி வருகிறது என்பதை இன்னொரு கைப்பேசிக்கு அனுப்பித்தான் கண்டுபிடிக்க முடியும். தடித்த எழுத்தும் கறுப்பு ஓரமும் வைத்தால் ஓரளவு தாங்குகிறது.

வேலையின் வரிசையும் முக்கியம். கிடைமட்டப் படத்தில் பதித்துவிட்டுச் செங்குத்தாக வெட்டினால் வரிகளின் இரு முனைகளும் போய்விடும். ஆகவே எழுத்தில்லாத மூலத்தை முதலில் வெட்டி, சப்டைட்டில் எடிட் மென்பொருளில் .srt கோப்பின் நேரத்தை வெட்டிய அளவுக்கு நகர்த்தி, கடைசியாகத்தான் பதிக்கிறேன். எழுத்தில்லாத மூலத்தையும் .srt கோப்பையும் ஒரே பெயரில் ஒரே கோப்புறையில் வைக்கிறேன். விஎல்சியில் திறந்தால் சப்டைட்டில் தானாகவே வந்துவிடுவதால் சரிபார்ப்பதும் எளிதாகிறது. கூட்டங்களில் பென்டிரைவை டிவியில் செருகிக் காட்டும்போது மட்டும் பதித்த பிரதியையே கொண்டுபோகிறேன், ஏனென்றால் தனிக் கோப்பிலுள்ள தமிழைப் பல டிவிகள் வெறும் கட்டங்களாகத்தான் காட்டுகின்றன.