ஃபார்ச்சூன் என்றால் லாட்டரியா? ஒரு பிக்காஸை விளக்க மூன்று வழிகள்

நாங்கள் இருப்பது கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், செல்போனில் இங்கிலீஷ். அக்கா மகளுக்கு எட்டு வயது. போன வாரம் பொள்ளாச்சியில் இருக்கும் அவளுடைய பெரியப்பா மகன் வாட்ஸ்அப்பில் மைன்கிராஃப்ட் என்ற வீடியோ கேமின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பியிருந்தான். படத்தில் ஒரு பிக்காஸ், பக்கத்தில் எழுத்து. வேண்டிய வரிகள் இவை:

```
Diamond Pickaxe
Fortune III
Unbreaking III
Mending
Durability: 312 / 1561
```

"இதென்னங் மாமா, ஃபார்ச்சூன் நூத்திப் பதினொண்ணு?" என்றாள். முதல் சிக்கல் மொழியே இல்லை, அந்த மூன்று கோடு. ரோமன் எண் அவளுக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. Fortune, Unbreaking, Mending எல்லாம் கருவிக்கு ஏற்றும் மந்திரங்கள்; மூன்று கோடு என்றால் மூன்றாம் படி, இந்த மந்திரத்துக்கு அதுதான் உச்சம் என்று சொல்லி முடித்தேன். Mending பக்கத்தில் கோடு இல்லாததற்குக் காரணம், அதற்கு ஒரே படிதான்.

மீதியை விளக்க வீட்டில் மூன்று பேர் மூன்று வழியில் இறங்கினோம்.

அக்கா வழி சுருக்கம்: இருக்கிறதை அப்படியே சொல். ஃபார்ச்சூன் ஃபார்ச்சூன்தான், அன்பிரேக்கிங் அன்பிரேக்கிங்தான், விளையாட விளையாடப் புரியும். இதில் ஒரு லாபம் உண்டு. அண்ணனோடு போனில் பேசும்போது இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்வார்கள். திரையில் தேடும்போதும் அந்த எழுத்தைத்தான் கண் தேடும். ஆனால் Unbreaking என்ற பெயரே ஆளை ஏமாற்றும். அரைகுறை இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைக்கு அது 'உடையாதது'. போன மாதம் அந்த நம்பிக்கையில்தான் தன் இரும்புப் பிக்காஸை வைத்து நாள் முழுக்கத் தோண்டினாள். கீழே இருக்கும் பச்சைக் கோடு மஞ்சளாகி, சிவப்பாகி, கடைசியில் கருவி கையிலேயே நொறுங்கியது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அப்பா அவளுக்கு அப்பிச்சி. அவர் எல்லாவற்றையும் தமிழாக்கினார். ஃபார்ச்சூன் 'அதிர்ஷ்டம்', அன்பிரேக்கிங் 'உடையாமை', மெண்டிங் 'செப்பனிடல்', டியூரபிலிட்டி 'ஆயுள்'. கேட்க நன்றாகத்தான் இருந்தது. டியூரபிலிட்டிக்கு ஆயுள் என்றதும் அவள் கேட்டாள்: "அப்ப என் ஹார்ட் குறையுமா?" விளையாட்டில் ஆளுக்கு உயிர் இதய வடிவத்தில் தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் வந்தால் பிள்ளை குழம்பத்தான் செய்யும்.

அதிர்ஷ்டம் இன்னும் மோசம். அவளே அதைப் பள்ளிக்கூடத்து மலையாளத்துக்கு மாற்றி, 'பாக்கியம்' என்றாள். எங்கள் ஊரில் பாக்கியம் என்றால் பாக்கியக்குறி, அதாவது லாட்டரி. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்தது. கேரளத்தில் 1967-இலிருந்து அரசே நடத்துகிறது. எல்லையோரக் கடைகளில் சீட்டு வாங்கி உதட்டைப் பிதுக்கும் பெரியவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். அதனால் அவள் புரிந்துகொண்டது இது: பத்துத் தடவை தோண்டினால் ஒரு தடவை விழும், மீதி ஒன்றுமே வராது. அதற்குப் பயந்து, அண்ணன் அந்தப் பிக்காஸை விட்டுவிட்டுச் சாதா பிக்காஸில் தோண்டட்டும் என்று யோசனை வேறு.

உண்மை நேர்மாறு. இந்த மந்திரத்தில் வெறுஞ்சீட்டே கிடையாது. வைரம் புதைந்த கல் ஒன்றை உடைத்தால் குறைந்தது ஒரு வைரம் உறுதி. மூன்றாம் படியில் 100 கல்லுக்குச் சுமார் 40 கல் ஒன்றே ஒன்று தரும், 20 கல் இரண்டு, 20 கல் மூன்று, 20 கல் நான்கு. சராசரி 2.2.

என் வழி மூன்றாவது. பெயரை இங்கிலீஷிலேயே விட்டுவிட்டு, அது செய்யும் வேலையை மட்டும் தமிழில், வினைச்சொல்லாகச் சொல்வது. ஃபார்ச்சூன்: 'ஒண்ணு கண்டிப்பா வரும், சில சமயம் கூடவும் கொட்டும்'. டியூரபிலிட்டி: 'இன்னும் எவ்வளவு தேயலாம்'. பென்சில் சீவிச் சீவிக் குட்டையாவது அவளுக்குத் தெரியும். முழுப் பென்சில் 1561, அண்ணனிடம் மிச்சம் 312. அன்பிரேக்கிங் மூன்று: 'நாலு தடவை தோண்டினா ஒரு தடவைதான் தேயும், கணக்கு முன்னப்பின்ன இருக்கும்'. 312-ஐ நாலால் பெருக்கச் சொன்னேன். சிலேட்டில் போட்டு 1248 என்றாள். மெண்டிங்கைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அத்தனை கல் சுமாராகத் தாங்கும், அப்புறம் உடையும். 'உடையும்' என்பதை அழுத்திச் சொன்னேன்.

மெண்டிங்தான் எனக்கே நேரம் எடுத்தது. அப்பா சொன்ன செப்பனிடல் தப்பில்லை, ஆனால் யார் செப்பனிடுவது என்பது அதில் இல்லை. வைரக் கல்லை உடைத்தால் பச்சை உருண்டைகள் ஆளிடம் பறந்து வருமல்லவா, அவைதான் லெவல் ஏற்றும் புள்ளிகள்; கையில் இருக்கும் பிக்காஸ் தேய்ந்திருந்தால் அவற்றை அதுவே தின்றுவிடும். ஒரு புள்ளிக்கு இரண்டு தேய்மானம் சரியாகும். வைரக் கல் ஒன்று 3 முதல் 7 புள்ளி தரும், ஆக 6 முதல் 14 வரை தேய்மானம் திரும்பக் கிடைக்கும். பிக்காஸ் தின்னும் வரைக்கும் ஆளுடைய லெவல் ஏறாது. "அண்ணன் லெவலே ஏற மாட்டேங்குதுன்னு அழுதானே, இதுக்குத்தானா?" என்றாள். அந்த இடத்தில்தான் விஷயம் உள்ளே போய்விட்டது என்று தெரிந்தது.

மூன்றையும் எடை போட்டால், பெயர்ச்சொல்லுக்கு நான் அக்கா கட்சி, வேலைக்கு என் கட்சி. அப்பாவின் வழி ஓரிடத்தில் மட்டும் ஜெயிக்கிறது: ஏற்கெனவே வீட்டில் புழங்கும் பொருள்கள். டைமண்டை வைரம் என்பதில் எந்த நஷ்டமும் இல்லை. பிக்காஸுக்கோ மொழிபெயர்ப்பே வேண்டாம், இங்கே தமிழிலும் மலையாளத்திலும் அது பிக்காஸ்தான்.

என் வழி உதைத்தது இரண்டு நாள் கழித்து. அண்ணனிடம் இன்னொரு பிக்காஸ், அதில் Silk Touch. 'பட்டுத் தொடுகை' என்று சொன்னால் பட்டு நூல் வருமா என்று கேட்பாள். அதனால் நாற்றை மண்ணோடு பெயர்ப்பதைக் காட்டினேன்: கல்லை உடைக்காமல் கல்லாகவே பெயர்த்து எடுக்கும். ஃபார்ச்சூனும் இதுவும் ஒரே பிக்காஸில் சேராது. ஃபார்ச்சூன் கைக்கு வரும்வரை வைரக் கல்லை இப்படிக் கல்லாகவே சேர்த்துவைத்து, பிறகு தரையில் வைத்து அந்த ஃபார்ச்சூன் பிக்காஸால் உடைக்கலாம். ஐந்து கல் இருந்தால் குறைந்தது 5, அதிகபட்சம் 20, சாதாரணமாக 11 வைரம். இதை டக்கென்று பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணனுக்குப் போன் போட்டு, குகையில் இருந்த ஸ்பானரை, அதான் பூச்சி பூச்சியாகக் கக்கும் அந்தக் கூண்டை, மண்ணோடு பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறாள். அவனும் அடித்தான். ஸ்பானரை மட்டும் சில்க் டச்சால்கூட எடுக்க முடியாது, உடைத்தால் காணாமல் போய்விடும்.

"நாத்துன்னு சொன்னீங்கல்ல மாமா?"