சமையலுக்கும் மேல்வேலைக்கும் ஒரே ஆளா, தனித்தனி ஆளா?

சென்னையில் நான்கு பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். காலை டிபனும் மதியச் சாப்பாடும் செய்து, பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைக்க ஒரே அம்மா 9,000 ரூபாய் கேட்கிறார். தனித்தனியாக வைத்தால் சமையலுக்கு 6,500, மேல்வேலைக்கு 3,500, ஆக 10,000. சம்பளம் தெருவுக்குத் தெரு மாறும். உங்கள் குடியிருப்பில் என்ன கொடுக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே ஆள்தான் லாபம். ஆனால் தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸாகக் கொடுக்க வேண்டும். அதனால் வருடத்துக்கு 13 சம்பளம் என்று கணக்கிட்டு 12-ஆல் வகுக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரே ஆளுக்கு மாதம் 9,750, இரண்டு பேருக்கு 10,833.

முடிவை மாற்றுவது லீவு நாள்தான். மாதம் நான்கு நாள் லீவு நியாயமானது, அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. ஒரே ஆள் வராத காலையில் சமையலும் நின்றுவிடும், முந்தைய இரவுப் பாத்திரமும் தொட்டியில் கிடக்கும். வேலைக்குக் கிளம்பும் வீட்டில் அன்று கடைச் சாப்பாடுதான். ஒரு நாளைக்கு 600 என்றால் நான்கு நாளுக்கு 2,400, மொத்தம் 12,150 ஆகிவிடும். தனித்தனி ஆள் இருந்தால் சமையல்காரம்மா வராத அன்றும் பாத்திரம் கழுவியிருக்கும். குக்கரில் சாதமும் ஒரு குழம்பும் வைத்துவிடலாம். இரண்டு நாள் மட்டும் கடையில் வாங்கினாலும் மொத்தம் 12,033தான். அந்த 1,083 ரூபாய் வித்தியாசம் இங்கேயே கரைந்துவிட்டது. ஒரே ஆள் வேலையை விட்டு நின்றால் புது ஆள் கிடைக்கும்வரை இரண்டு வேலையும் நம் தலையில் விழும் என்பதால், தனித்தனி ஆள்தான் என் தேர்வு.

சமையலுக்கு யாரை வைத்தாலும் கேஸும் எண்ணெயும் கூடும். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று அடுப்பைப் பெரிதாக எரியவிடுவார்கள். சிலிண்டர் மாற்றும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால், 45 நாள் வந்தது 35 நாளாகக் குறைவது தெரிந்துவிடும்.

சரி, பட்ஜெட் இடம் கொடுக்குமா? கையில் வரும் சம்பளம் 85,000. வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை, மளிகை, சீட்டு எல்லாம் போக 15,000 மிஞ்சுகிறது. அதில் 12,000 போனால் மீதி 3,000. ஒரு காய்ச்சலுக்கே அது போய்விடும். இந்த வீட்டுக்கு முழுச் சமையல் ஆள் இப்போது தாங்காது.

மேல்வேலைக்கு வருபவரிடமே காய் நறுக்கித் தேங்காய் துருவித் தரக் கேட்டு 1,500 கூடுதலாகக் கொடுக்கலாம். போனஸோடு சேர்த்து மாதம் ஏறக்குறைய 5,400 ஆகும். சமையலில் அதிக நேரம் பிடிக்கும் வேலை குறைந்துவிடும், கையிலும் 9,600 நிற்கும். அவர் வராத நாளில் நறுக்க வேண்டாத பருப்பு, முட்டை என்று ஓட்டிக்கொள்ளலாம். வருடா வருடம் கேட்கும் சம்பள உயர்வுக்கும், அவசரத்துக்குக் கேட்கும் அட்வான்ஸுக்கும் அப்போதுதான் மனசார இடம் இருக்கும்.