டேன்ஜென்ட் தொடர்: நீள்வகுத்தலா, கெழுக்களை ஒப்பிடுவதா?

tan(sin x) − sin(tan x) என்பதை x⁷ ஆல் வகுத்து, x பூச்சியத்தை நெருங்கும்போது எல்லை காணும் கணக்கு ஒன்று கைக்கு வந்தது. x⁵ வரை விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எதுவுமே மிஞ்சாது. விடையான 1/30 என்பது x⁷ உறுப்பில்தான் இருக்கிறது. ஆக, tan x இன் தொடரை x⁵ இல் நிறுத்திய பிறகு இன்னும் ஓர் உறுப்பு தேவைப்பட்டது. எந்த முறையைக் கைக்கொள்வது என்று நான் முடிவுசெய்தது இந்த ‘இன்னும் ஓர் உறுப்பு’ என்ன விலை கேட்கிறது என்பதைப் பார்த்துத்தான்.

tan x ஐத் திரும்பத் திரும்ப வகையிடுவதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை; நான்காவது வகைக்கெழுவிலேயே தாள் நிறைந்துவிடும். சைன் தொடரும் கொசைன் தொடரும் மனப்பாடமாக இருக்கும்போது ஒன்றை மற்றொன்றால் வகுப்பதுதான் வழி. அதை எப்படி வகுப்பது என்பதே கேள்வி.

நீள்வகுத்தல் பள்ளியில் பழகியதுதான். x − x³/6 + x⁵/120 ஐ 1 − x²/2 + x⁴/24 ஆல் வகுக்கிறோம். ஈவின் முதல் உறுப்பு x. கழித்தால் மீதி x³/3 − x⁵/30. அடுத்த உறுப்பு x³/3. கழித்தால் மீதி 2x⁵/15. அதுவே மூன்றாவது உறுப்பு. இதுவரை வேகமான முறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது x⁷ வேண்டும் என்றால், வகுபடும் தொடரில் −x⁷/5040 ஐயும் வகுக்கும் தொடரில் −x⁶/720 ஐயும் சேர்த்து, எழுதி முடித்த ஒவ்வொரு மீதி வரியையும் வலப்பக்கம் ஒரு கட்டம் நீட்ட வேண்டும். முதல் வரியில் 1/840, அடுத்ததில் −4/315, கடைசியில் 17/315. விடை சரிதான். ஆனால், நடுவில் ஒரு குறி பிசகினாலும் எந்த வரியில் பிசகியது என்று தேட வேண்டியிருக்கும்.

நான் சாய்வது கெழுக்களை ஒப்பிடும் முறையின் பக்கம். வகுக்கவே வேண்டாம், பெருக்கினால் போதும். டேன்ஜென்ட் ஒற்றைச் சார்பு என்பதால் tan x = a₁x + a₃x³ + a₅x⁵ + … என்று வைத்துக்கொண்டு, அதைக் கொசைன் தொடரால் பெருக்கினால் சைன் தொடர் வர வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு சமன்பாடு கிடைக்கிறது:

a₁ = 1
a₃ − a₁/2 = −1/6
a₅ − a₃/2 + a₁/24 = 1/120

இவற்றிலிருந்து a₃ = 1/3, a₅ = 2/15. இனி x⁷ வேண்டுமா? மேலே உள்ள எதையும் தொட வேண்டாம். கீழே ஒரே ஒரு வரி:

a₇ − a₅/2 + a₃/24 − a₁/720 = −1/5040

எல்லாவற்றையும் 5040 என்ற பகுதிக்குக் கொண்டுவந்தால் தொகுதி −1 + 336 − 70 + 7 = 272; சுருக்கினால் 17/315. சொல்லப்போனால் உள்ளே நடக்கும் கூட்டல் கழித்தல் நீள்வகுத்தலில் நடப்பதேதான். அங்கே மூன்று வரிகளில் சிதறிக் கிடப்பது இங்கே ஒரே வரியில் கண்ணெதிரே நிற்கிறது.

மூன்றாவது வழியும் உண்டு. கொசைனை 1 − u என்று எழுதி, 1 + u + u² + … என்ற பெருக்குத் தொடரால் அதன் தலைகீழியைக் கண்டு, சைனால் பெருக்குவது. sec x இன் தொடரும் சேர்ந்தே வேண்டுமென்றால் இது நல்லது. ஆனால் u² ஐ விரிக்கும்போது குறுக்குப் பெருக்கத்தின் இரண்டை விட்டுவிடுவது வாடிக்கை. x⁶ இன் கெழு 61/720 என்று வராவிட்டால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

எந்த முறையில் போனாலும் ஒரு சரிபார்ப்பு கைவசம் இருக்கட்டும். tan x இன் வகைக்கெழு 1 + tan² x. இடப்பக்கத்தில் x⁶ இன் கெழு 7 × 17/315 = 17/45. வலப்பக்கத்தில் 2a₁a₅ + a₃² = 4/15 + 1/9, அதுவும் 17/45. பொருந்தாவிட்டால் a₇ இலோ அதற்கு முந்தையதிலோ பிழை இருக்கிறது. அடுத்தடுத்த கெழுக்களின் விகிதமும் உதவும்: 1/3, 2/5, 17/42 என்று அது 4/π² ஐ, அதாவது ஏறத்தாழ 0.405 ஐ நெருங்குகிறது. சைனும் கொசைனும் எல்லா x க்கும் ஒருங்கும் தொடர்கள். ஆனால் π/2 இல் கொசைன் பூச்சியமாகிவிடுவதால் ஈவின் தொடர் அதற்குள்தான் செல்லும்.

கையால் நான் x⁹ ஐத் தாண்டியதில்லை. பத்துப் பதினைந்து உறுப்புகள் வேண்டுமென்றால் பின்னங்களின் பகுதியே தலைவலியாகிவிடும் என்று நினைக்கிறேன். வகுக்கும் தொடரில் மாறிலி உறுப்பு பூச்சியமாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் நேரடியாக ஓடாது. cot x க்குச் சைனிலிருந்து ஒரு x ஐ முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். மீதியை அதே முறையில் ஒப்பிட்டால் 1/x − x/3 − x³/45 என்று தொடங்கும்.