லிங்க்ட்இன் நீள் கட்டுரை: தலைப்பு முதல் கடைசி வரி வரை, நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

லிங்க்ட்இன்னில் எழுத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று சாதாரணப் பதிவு. அதற்கு 3000 எழுத்துக்குறிகள்தான் எல்லை. மற்றொன்று முகப்பில் `Write article` என்று இருக்கும் நீள் கட்டுரை வசதி. 2014-ல் எல்லா உறுப்பினர்களுக்கும் திறந்துவிடத் தொடங்கிய இந்த இரண்டாவது வசதியைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு. நீண்ட நாள் பயன்படுத்தியபின் சொல்லக்கூடிய தீர்ப்பு இது: பதிவு இரண்டு மூன்று நாளில் ஓடி மறைந்துவிடும், கட்டுரை மெதுவாகத் தொடங்கி மாதக்கணக்கில் வாசிக்கப்படும். ஆனால் அப்படி வாசிக்கப்பட, அதற்குள் வர இரண்டு வாசல்கள் இருப்பதை எழுதுபவர் மனதில் வைத்திருக்க வேண்டும். முதல் சில நாள்கள் ஆட்கள் ஃபீட் வழியாக வருவார்கள். அதன்பிறகு கூகுள் தேடலிலிருந்தும், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பிலிருந்தும் வருவார்கள். தலைப்பு, அமைப்பு, முடிவு மூன்றையும் இந்த இரு கூட்டத்துக்கும் பொருந்தும்படி அமைப்பதுதான் வேலை.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறை, தன் வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் ஒரு புகாரைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். ஹைட்ராலிக் சிலிண்டரில் கசிவைத் தடுக்கப் போட்ட ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் சில வாரங்களில் உப்பி, பள்ளத்தில் உட்கார மறுத்து, கசிய ஆரம்பிக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மினரல் ஆயில் ஓடும் இடத்தில் ஈபிடிஎம் ரப்பர் போடப்பட்டிருக்கிறது. ஈபிடிஎம் பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து வீங்கும். அங்கே நைட்ரைல் ரப்பர் போட்டிருக்க வேண்டும். இரண்டும் கறுப்பு, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. பராமரிப்புப் பொறியாளர்கள், கொள்முதல் பிரிவினர், ஸ்டோர் கீப்பர்கள் என்று இதைப் படிக்க ஆள் இருக்கிறது.

தலைப்பு

இந்த விஷயத்துக்கு வழக்கமாக வரும் தலைப்பு 'சரியான ரப்பரைத் தேர்வு செய்வதன் முக்கியத்துவம்'. இதை யாரும் திறக்க மாட்டார்கள். கசிவு வந்து நிற்கும் ஒருவருக்கு அது தன்னுடைய கசிவைப் பற்றியது என்று தெரிய வழியே இல்லை. அவர் கையில் இருப்பது அறிகுறி. அதையே தலைப்பின் முதல் பாதியாக வைத்து, பார்க்க வேண்டிய இடத்தை இரண்டாம் பாதியில் சொல்ல வேண்டும்: 'ஹைட்ராலிக் ஓ-ரிங் உப்பிவிடுகிறதா? ஈபிடிஎம் ரப்பரா என்று பாருங்கள்.' விடையைத் தலைப்பிலேயே கொடுத்துவிட்டால் உள்ளே வர மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். எப்படிச் சோதிப்பது, எதை மாற்றிப் போடுவது என்பதற்காகத்தான் வருகிறார்கள். 'இந்த ஒரு தவறைச் செய்யாதீர்கள்' என்று மறைத்து வைக்கும் தலைப்பு ஃபீடில் சில கிளிக்குகளைக் கொண்டுவரும், ஆனால் தேடலில் ஒன்றுக்கும் ஆகாது. அதைத் தட்டச்சு செய்து தேடுபவர் யாருமில்லை.

தலைப்புக்கு எல்லை 150 எழுத்துக்குறிகள். தமிழில் எழுதுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும், ஏனென்றால் நாம் எண்ணுவது போல மென்பொருள் எண்ணுவதில்லை. கப்பலூர் என்பது நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாகக் கணக்காகும், ஆகவே அது 8. மேலே சொன்ன தலைப்பு இடைவெளிகளோடு சேர்த்து 65 வரும். எல்லைக்குள் இருந்தாலும் போதாது; கைபேசியில் நீண்ட தலைப்பு வெட்டுப்படும் என்பதால் அறிகுறிச் சொற்கள் முதல் மூன்று நான்கு சொற்களுக்குள் வந்துவிட வேண்டும்.

பலர் கண்டுகொள்ளாத ஒரு பெட்டி கட்டுரையின் அமைப்புப் பகுதியில் இருக்கிறது: `SEO title`, `SEO description`. தேடலில் தெரியும் தலைப்பைப் பக்கத்தில் தெரியும் தலைப்பிலிருந்து பிரித்து இங்கே கொடுக்கலாம். தமிழ்க் கட்டுரைக்கு இது பெரிய உதவி. தமிழில் படிக்கும் பொறியாளர்கூட ரப்பர் பெயரை ஆங்கிலத்தில்தான் தேடுகிறார். ஆகவே அங்கே `EPDM O-ring swelling in mineral oil: how to check` என்று 60 குறிகளுக்குள் எழுதிவிட்டு, விளக்கப் பெட்டியில் 140 முதல் 160 குறிகளுக்குள் அறிகுறி, காரணம், சோதனை மூன்றையும் சொன்னால் போதும். அதை வெறுமையாக விட்டால், தேடல் பக்கத்தில் கட்டுரையின் ஏதோ ஒரு வரி வந்து நிற்கும்.

கட்டுரைக்கு மேலே வரும் சிறு குறிப்பு

`Next` அழுத்தியதும், கட்டுரையைப் பற்றி உங்கள் தொடர்புகளுக்குச் சொல்லுங்கள் என்று ஒரு பெட்டி வரும். ஃபீடில் கட்டுரை அட்டைக்கு மேலே தெரிவது இந்த எழுத்துதான். 'எனது புதிய கட்டுரை, படித்துக் கருத்துச் சொல்லவும்' என்று எழுதிவிட்டு வெளியிடுவது நல்ல கட்டுரைகளைக்கூட முதல் நாளிலேயே புதைத்துவிடுகிறது. ஃபீடில் இரண்டு மூன்று வரிக்குமேல் மடிந்துவிடும். அந்த வரிகளுக்குள் ஒரு முழுத் தகவல் இருக்க வேண்டும்: 'ஹைட்ராலிக் சிலிண்டரில் எடுத்த ஓ-ரிங் புதியதைவிடத் தடிமனாக இருக்கிறதா? அது தேய்மானம் இல்லை, எண்ணெய் குடித்த வீக்கம். வெர்னியரும் அதே எண்ணெயில் கொஞ்சமும் இருந்தால் நீங்களே சோதிக்கலாம்.' இதைப் படித்தவர் கட்டுரையைத் திறக்காவிட்டாலும் ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் போகிறார். அப்படிப்பட்டவர்கள்தான் அடுத்த முறை கசிவு வரும்போது தேடிக்கொண்டு வருகிறார்கள்.

முகப்புப் படத்துக்கு 1920 x 1080 பிக்சல் பொருந்தும். வீங்கிய ஓ-ரிங்கையும் புதியதையும் ஒரே வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம், இணையத்தில் கிடைக்கும் கைகுலுக்கும் படத்தைவிடப் பல மடங்கு வேலை செய்யும். படத்தின் மேல் எழுத்து போட வேண்டாம். கைபேசியில் படிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும்.

உள்ளமைப்பு

பொறியியல் அறிக்கை எழுதிப் பழகியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: ரப்பரின் வரலாறு, வகைகள், பண்புகள், பிறகு சிக்கல், கடைசியில் தீர்வு. தீர்வு வருவதற்குள் வாசகர் போய்விடுவார். ஓ-ரிங் கட்டுரையில் முதல் பத்தி விடையைச் சொல்லிவிட வேண்டும். அடுத்து, தன்னுடைய சிக்கலும் இதுதானா என்று வாசகர் உறுதிசெய்யும் பகுதி: தடிமன் கூடியிருக்கிறதா, ரப்பர் மெத்தென்று ஆகியிருக்கிறதா. மாறாக அது இறுகி, ஒரு பக்கம் தட்டையாகி இருந்தால் அது வெப்பத்தாலோ நீண்ட கால அழுத்தத்தாலோ வந்த வேறு கோளாறு. இந்தக் கட்டுரை அவருக்கு உதவாது என்று அங்கேயே சொல்லிவிடுவது நேர்மை. மூன்றாவது, சோதனை. இதுதான் கட்டுரையின் உடல், பாதி இடம் இதற்கே போகலாம். புது ஓ-ரிங்கின் குறுக்குத் தடிமனை மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்வது, இயந்திரத்தில் ஓடும் அதே எண்ணெயில் மூடிய கண்ணாடிப் பாட்டிலில் முழுக்க மூழ்க வைப்பது, சில நாள் கழித்துத் துடைத்து மறுபடி அளப்பது. ஈபிடிஎம் என்றால் வித்தியாசம் வெர்னியரில் தெளிவாகத் தெரியும். இது பட்டறைச் சோதனைதான். முறையான சோதனைக்கு ஏஎஸ்டிஎம் டி471 தரம் இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். நான்காவது, விதிவிலக்கு. கிளைக்கால் அடிப்படையிலான பிரேக் ஆயிலில் நிலைமை தலைகீழ்: அங்கே ஈபிடிஎம்தான் சரி, நைட்ரைல் தாங்காது. இந்த ஒரு பத்தி இல்லாவிட்டால், கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது எல்லா இடத்திலும் நைட்ரைலைப் போட்டுவிடுவார்கள்.

துணைத்தலைப்புகளைத் தடித்த எழுத்தில் போடாமல், எடிட்டரில் உள்ள தலைப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். கைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் துணைத்தலைப்புகளை மட்டுமே படிக்கிறார். 'சோதனை' என்பதற்குப் பதிலாக 'பாட்டிலில் ஊறவைத்து அளப்பது எப்படி' என்று இருந்தால் அங்கே நிற்பார். ஒரு பத்திக்கு மூன்று நான்கு வாக்கியம் போதும். லேப்டாப் திரையில் அளவாகத் தெரியும் பத்தி கைபேசியில் சுவர் போல நிற்கும்.

எடிட்டரின் பெரிய குறை அட்டவணை. வேர்டிலிருந்து அட்டவணையை ஒட்டினால் வடிவம் குலைந்துவிடும். ரப்பர்-எண்ணெய்ப் பொருத்தப் பட்டியலைப் படமாகப் போடலாம், ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் அகப்படாது. முக்கியமான இரண்டு மூன்று வரிகளை வாக்கியமாகவும் எழுதிவிடுவது நல்லது. இன்னொன்று, டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய கோப்பை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். மாற்றியபின் கொம்புகளையும் ஸ, ஷ, ஜ போன்ற எழுத்துகளையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். மாற்றிகள் அதிகம் இடறும் இடம் அதுதான்.

முடிவு

பெரும்பாலான கட்டுரைகள் கெட்டுப்போகும் இடம் கடைசிப் பத்தி. சொன்னதையே சுருக்கி, 'தரமான ரப்பர் பாகங்களுக்கு எங்களை அணுகவும்' என்று முடிப்பார்கள். அங்கே வந்து சேர்ந்தவர் முழுக்கப் படித்தவர். அவருக்குச் சுருக்கம் தேவையில்லை. அவரால் உடனே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று இருக்க வேண்டும். 'உங்கள் கருத்து என்ன?' என்பது கேள்வியே இல்லை. 'உங்கள் இயந்திரத்தில் என்ன எண்ணெய், எத்தனை டிகிரியில் ஓடுகிறது, ஓ-ரிங் எத்தனை மாதம் தாங்கியது?' என்று கேட்டால் மூன்று சொல்லில் பதில் வரும். அந்தப் பதில்களிலிருந்துதான் வியாபார உரையாடலும் தொடங்குகிறது, விளம்பர வரி அதைக் கெடுக்கத்தான் செய்யும். தொடர்புக்கு உங்கள் சுயவிவரம் பக்கத்திலேயே இருக்கிறது.

புள்ளிவிவரத்தைப் படிப்பது

கட்டுரைக்குக் கீழே இரண்டு எண்கள் கிடைக்கும்: எத்தனை முறை திரையில் தென்பட்டது, எத்தனை பேர் திறந்தார்கள். முதல் எண் பெரிதாக, இரண்டாவது மிகச் சிறிதாக இருந்தால் கோளாறு தலைப்பிலோ சிறு குறிப்பிலோ இருக்கிறது. உடலைத் திருத்திப் பயனில்லை. திறக்கிறார்கள், ஆனால் ஒரு கருத்தோ தனிச்செய்தியோ வரவில்லை என்றால் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் பாருங்கள். எவ்வளவு தூரம் படித்தார்கள் என்று இது காட்டாது, அதை ஊகிக்கத்தான் வேண்டும். வந்தவர்களின் பதவி, ஊர், துறை பற்றிய பகுதி எண்ணிக்கையைவிட மதிப்புள்ளது. ஓ-ரிங் கட்டுரைக்குப் பராமரிப்புப் பொறியாளர்கள் வராமல் மனிதவளப் பிரிவினர் மட்டும் வந்திருந்தால், தலைப்பு தவறான ஆட்களை அழைத்திருக்கிறது.

வெளியிட்ட பிறகும் தலைப்பையும் உடலையும் திருத்தலாம், இணைப்பு மாறாது. கருத்துகளில் யாராவது புதிய எண்ணெய்வகை ஒன்றைச் சொன்னால், அதைச் சரிபார்த்துவிட்டு விதிவிலக்குப் பத்தியில் சேர்த்து, சேர்த்த தேதியையும் குறிப்பிடுங்கள். பிறகு அந்தத் தகவலை மட்டும் ஒரு சிறு பதிவாக எழுதிப் பழைய கட்டுரையின் இணைப்பைக் கொடுத்தால், ஃபீட் வாசல் இன்னொரு முறை திறக்கும்.