இரவுக் கூத்தைப் பதிவு செய்ய: நேரடி மிக்சரா, தனித்தனிப் பதிவா?

விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை மூன்று கேமராவில் எடுக்க இரண்டு வழி உண்டு. மூன்றையும் வீடியோ மிக்சரில் இணைத்து அங்கேயே காட்சி மாற்றலாம்; அல்லது ஒவ்வொரு கேமராவும் தன் கார்டில் தனியாகப் பதிவு செய்ய, பின்னர் எடிட் செய்யலாம்.

மிக்சரில் காலையிலேயே திரையிடத் தயாரான ஒரே கோப்பு கிடைக்கும். ஆனால் திரைக்குப் பின்னால் வேடக்காரர் பாடி வரும்போது நீங்கள் கட்டியக்காரன் முகத்தில் நின்றுவிட்டால், திரை விலகும் கணம் போனதுதான். அதைத் திரும்பப் பெற முடியாது.

தனிப் பதிவில் அந்தக் கணம் அகலக் காட்சி கேமராவில் இருக்கும். ஆவணத்துக்கு அதுதான் உயிர்; அடவு, பின்பாட்டுக்காரர், மிருதங்கம் எல்லாம் ஒரே சட்டகத்தில் தெரியும். விலை சேமிப்பிடம்தான்: நொடிக்கு 50 மெகாபிட் என்றால் மணிக்கு சுமார் 22.5 ஜிபி, எட்டு மணி நேரத்துக்கு மூன்று கேமராவும் சேர்ந்து 540 ஜிபி. அப்புறம், நேரம் போகப்போக கேமராக்களின் கடிகாரம் விலகும். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் போதாது. எல்லா கேமராவிலும் ஒலியைப் பதிந்து, ஒவ்வொரு துண்டையும் மிருதங்க அடியை வைத்துப் பொருத்த வேண்டும்.

ஆவணம் என்றால் நான் தனிப் பதிவையே எடுப்பேன். மிக்சர்தான் வேண்டுமென்றால், அகலக் கேமராவின் கார்டிலாவது தனியே பதிவு ஓடட்டும்.