நான்கு டேப்லெட்டுக்கு ஒரே ஆள்

இந்த முறை ஊருக்கு வந்திருந்தபோது, அக்கா எனக்கும் அத்தானுக்கும் தனக்குமாகச் சேர்த்து ஒரு கருத்தரங்குக்குப் பதிவு செய்திருந்தார். கருத்தரங்கு நன்றாகவே நடந்தது. ஆனால் வெளிநாடு திரும்பிய பிறகும் வாசலில் நின்ற அந்த இருபது நிமிடம்தான் மனதில் நிற்கிறது.

அச்சடித்த பெயர்ப்பட்டியலில் ஸ்கேல் வைத்து, வரி வரியாகத் தேடி டிக் அடிக்கும் அந்தப் பழைய மேசை இல்லை. அந்த இடத்தில் நான்கு டேப்லெட். க்யூஆர் குறியைக் காட்டினால் பெயர் அட்டை அச்சாகி வரும். பார்த்ததும் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அத்தான் முதலில் காட்டினார், அட்டை வந்தது. அடுத்து நான் காட்டினேன். "ஏற்கெனவே வருகை பதிவாகிவிட்டது" என்று திரையில் வந்து நின்றுவிட்டது. மூவருக்கும் வந்திருந்தது ஒரே குறி. அதை முதலில் காட்டியவரோடு கணக்கு முடிந்துவிட்டது. திரையில் மேற்கொண்டு போக வழியே இல்லை. இருந்த ஒரே பணியாளர் மேசைக்குப் பின்னால் குனிந்து, அச்சு இயந்திரத்தில் லேபிள் சுருள் மாற்றிக்கொண்டிருந்தார்.

ஓர் ஆளுக்கு இருபது விநாடி என்றால் நான்கு டேப்லெட்டில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு பேர் உள்ளே போகலாம். நான் ஒரு டேப்லெட்டை மூன்று நிமிடம் அடைத்துக்கொண்டு நின்றால் ஒன்பது பேர் வெளியே நிற்கிறார்கள். என்னைப் போல இன்னொருவர் சிக்கினால் வேகம் பாதியாகிவிடும். பின்னால் வரிசை வாசல்படி வரை போய்விட்டது. எனக்குக் கோபமும் கூச்சமும் சேர்ந்து வந்தது.

நான் இருக்கும் நாட்டிலும் இதே அளவு ஆட்கள்தான். ஆனால் அவர்கள் மேசைக்குப் பின்னால் நிற்பதில்லை, வரிசைக்கு முன்னால் நிற்பார்கள். சிக்கல் உள்ளவரை டேப்லெட்டைத் தொடும் முன்பே தனி மேசைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம்தான் தன்னார்வலராக வந்த ஒரு கல்லூரிப் பெண் முன்னால் வந்தார். "அண்ணா, நீங்க இப்படி வாங்க" என்று என்னையும் அக்காவையும் ஓரமாக அழைத்து, தன் போனில் பதிவு எண்ணைத் தேடி, இருவர் பெயரையும் தனித்தனியாகச் சேர்த்தார். பிறகு உள்ளே போகாமல் வரிசையின் நடுவிலேயே நின்றுவிட்டார். "ஒரே குறியில ரெண்டு மூணு பேரா? இந்தப் பக்கம் வாங்க. மத்தவங்க போன் வெளிச்சத்தைக் கூட்டிக்குங்க, கேமராவுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிங்க." அவ்வளவுதான் சொன்னார். பத்து நிமிடத்தில் வாசல் காலி.

யாரும் அவரிடம் அப்படி நிற்கச் சொல்லவில்லையாம். அடுத்த முறை அமைப்பாளர்களே முதல் ஆளை அங்கே நிறுத்த வேண்டும். குழுவாகப் பதிவு செய்தாலும் ஆளுக்கொரு குறி அனுப்ப வேண்டும்.